நூற்றுக்கு நூற்றுப்பத்து

நமது சங்கத்து அன்பர் ஒருவர், வடநாட்டுக் கல்லூரியொன்றில் பயிலும் தம் மகனுடைய மதிப்பெண் பட்டியலை அனுப்பி ஓர் ஐயம் எழுப்பியுள்ளார். உதவித்தொகை பெற நூற்றுக்கு 75 வேண்டும். தாம் கணக்கிட்டதில் 79 வருகிறது என்றும், கல்லூரி அலுவலகமோ 71.8 என்று சொல்லிவிட்டது என்றும் எழுதுகிறார். ஒரே மதிப்பெண்களிலிருந்து இரு விடைகள் எவ்வாறு வந்தன என்பதை ஆராய்வோம்.

பட்டியலில் நான்கு பிரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை குறித்திருக்கிறார்கள். வீட்டுப்பாடத்துக்கு 20, செய்முறைக்கு 25, இடைத்தேர்வுக்கு 25, இறுதித்தேர்வுக்கு 40. பையன் பெற்றவை, நூற்றுக்கு முறையே 90, 80, 60, 65. மதிப்பெண்ணை எடையால் பெருக்கி நூறால் வகுத்தால் 18, 20, 15, 26 என்று கிடைக்கும். இவற்றின் கூட்டுத்தொகையே அன்பர் கண்ட 79.

பெருக்கலிலும் கூட்டலிலும் பிழை இல்லை. ஆனால் எடைகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், 110 வருகிறது. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன் இருப்பானாகில், இம்முறைப்படி அவனுக்கு நூற்றுக்கு 110 கிடைத்துவிடும். ஆகவே 79 என்பது நூற்றுக்கு 79 அன்று, 110க்கு 79. அதனை 110ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 71.8 ஆகிறது. அலுவலகம் செய்தது இதுவே. எடைகள் எத்தொகைக்கு வந்தாலும், அத்தொகையாலேயே வகுக்க வேண்டும் என்பது விதி.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே 110 என்பதால், யார் முதல், யார் இரண்டு என்ற வரிசை இதனால் மாறுவதில்லை. 75 என்று ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல், கீழ் என்று பிரிக்கும்போதுதான் வேறுபாடு தலைகாட்டுகிறது.

ஆயினும் வகுத்துவிட்டதோடு காரியம் முடியவில்லை. 110 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். முந்தைய ஆண்டில் செய்முறைக்கு 15தான் இருந்தது என்றும், இவ்வாண்டு 25 ஆக உயர்த்தினார்கள் என்றும் அன்பர் குறிப்பிடுகிறார். அந்தக் கூடுதல் 10ஐ இறுதித்தேர்விலிருந்து எடுக்க எண்ணி, அதனைக் குறைக்க மறந்திருந்தால், இறுதித்தேர்வின் எடை 30 ஆகும், விடை 72.5. எல்லாப் பிரிவுகளும் விகிதப்படி குறையட்டும் என்றால் 71.8. மாறாக, அந்த 10 ஊக்க மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தால், அடிப்படை 100 ஆகவே நிற்கும். அப்போது 79 என்பதே சரி. ஊக்க மதிப்பெண்ணை வகுக்கும் தொகையில் சேர்த்தால் அது ஊக்கமாக இராது. அதை எழுதாதவனுக்குத் தண்டனையாகவே முடியும். அன்பர் அனுப்பிய தாளில் அத்தகைய அறிவிப்பு எதுவும் காணப்படவில்லை. இருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். இல்லையேல் 75க்கு வழியில்லை.

எடைகள் நூற்றுக்குக் குறைவதும் உண்டு. வீட்டுப்பாடம் 20, செய்முறை 30, தேர்வு 50 என்று எடை வைத்துச் செய்முறை இன்னும் நடைபெறவில்லை என்று கொள்வோம். வீட்டுப்பாடத்தில் 90, தேர்வில் 60 பெற்றவனுக்கு 18ம் 30ம் சேர்ந்து 48 வரும். இதைக் கண்டு மகன் தோற்றுவிட்டான் என்று கலங்க வேண்டியதில்லை. இதுவரை நடந்தவற்றின் எடை 70 மட்டுமே. 48ஐ 70ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறத்தாழ 68.6 கிடைக்கும்.

ஆனால் இந்த 68.6 முடிவான விடை அன்று. நடக்காத செய்முறையிலும் அவன் 68.6 பெறுவான் என்று வைத்துக்கொள்வதற்கே அது சமம். செய்முறையில் 90 பெற்றால் முடிவு 75க்கு ஏறும். 50 பெற்றால் 63க்கு இறங்கும். தேர்வு நடந்தும், தக்க காரணமின்றி வராதிருந்தால் அங்கே இருப்பது வெற்றிடம் அன்று, பூச்சியம், முடிவு 48தான். நோயுற்று விலக்குப் பெற்றவனுக்கு 70ஆல் வகுப்பது முறை. வராது நின்றவனுக்கு 100ஆல் வகுப்பது முறை. இதைத் தீர்மானிப்பது கணக்கு அன்று, கல்லூரியின் விதி.

ஆகையால் பட்டியல் கைக்கு வந்ததும் மதிப்பெண்களுக்கு முன் எடைகளைக் கூட்டுங்கள். 99 வந்தால், மூன்று சம பங்குகளை 33, 33, 33 என்று முழு எண்ணாக்கியதால் இருக்கலாம். 99ஆல் வகுத்தால் சரியாகிவிடும். 110 போன்ற பெரிய வேறுபாடு கண்டால், அதன் காரணத்தைத் தேர்வு தொடங்குமுன்பே எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். மதிப்பெண் வந்த பிறகு கேட்டால், நமக்குச் சாதகமான விடையைத் தேடுவதாகவே பிறர் எண்ணுவர்.