வந்த தேதியா, காலாவதித் தேதியா?

"முதலில் வந்ததை முதலில் கொடு" என்பது அரிசி மூட்டைக்குச் சரி. மருந்துக்கு அது தப்பு என்று ராசிபுரம் பக்கம் மருந்தாளுநராக இருந்த காலமெல்லாம் சண்டை போட்டவன் நான்.

பின்னால் வரும் பெட்டி முன்னால் காலாவதியாகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி முதல் தேதி 3000 பாராசிட்டமால் வருகிறது, காலாவதி டிசம்பர். மார்ச் முதல் தேதி வேறு பேட்ச்சில் 3000 வருகிறது, காலாவதி ஆகஸ்ட். மாதச் செலவு 500. மார்ச்சில் பழைய பேட்ச்சில் மிச்சம் 2000.

வந்த வரிசையில் கொடுத்தால் பழையது ஜூனில் தீரும். புதியதில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் 1000 போக, 2000 மாத்திரை குப்பைக்கு. செப்டம்பரில் காய்ச்சலோடு வருகிறவருக்கு, "மாத்திரை இல்லீங்க!"

காலாவதி வரிசையில் கொடுத்தால், ஆகஸ்ட் பேட்ச் ஆகஸ்டோடு சரியாகத் தீரும். மிச்ச 2000 டிசம்பர் வரை வரும். ஒரு மாத்திரை வீணில்லை.

"ஸ்டாக் ரிஜிஸ்டரில் மொத்தம் 5000 சரியாக இருக்கிறதே" என்பார்கள். அந்த மொத்தம்தான் குற்றவாளி! ஒரு மருந்துக்கு ஒரே வரி எழுதினால் எது எப்போது சாகும் என்று தெரியாது. ஒரு பேட்ச் தரமற்றது, நிறுத்து என்று உத்தரவு வந்தாலும் எதை எடுப்பது?

பேட்ச்சுக்கு ஒரு வரி. காலாவதி முந்துவது மேலே. அலமாரியிலும் அதுவே முன்னால். இதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு ஸ்கேல், ஒரு பேனா போதும்.