ஓசூர் போர் தண்ணியில சோப்பு ஏன் நுரைக்க மாட்டேங்குது?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த தோழி ஒருத்தி, வந்த முதல் வாரமே போனில் புலம்பினாள். "ஊர்ல ரெண்டு தேய் தேய்ச்சா நுரை பொங்கும். இங்க சோப்பு கரையுது, நுரை மட்டும் வரவே இல்ல. குளிச்சு முடிச்சா உடம்புல ஏதோ மெழுகு பூசின மாதிரி இருக்கு. பக்கெட்ல வெள்ளை வெள்ளையா திரி மிதக்குது. ஒரு சோப்பு ஒரு வாரம் கூட வரல."

வீட்டு ஓனர் அக்காவிடம் கேட்டிருக்கிறாள். "போர் தண்ணிம்மா, அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்" என்று பதில் வந்திருக்கிறது. அந்த 'இன்னும் கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. கணக்குக்கு முன்னால், சோப்பு எப்படி அழுக்கை எடுக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சோப்பின் ஒரு மூலக்கூறை ஒரு தீக்குச்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து இருக்கும் தலைப் பக்கத்துக்குத் தண்ணீர் பிடிக்கும். குச்சிப் பக்கம் கொழுப்பால் ஆன நீண்ட வால். அதற்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய், பாமாயில் போன்றவற்றைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்துக் காய்ச்சும்போது கிடைப்பது இந்தக் குச்சிகள்தான்.

தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைந்தால் குச்சிகள் முதலில் மேற்பரப்புக்குப் போகும். தலை தண்ணீருக்குள், வால் காற்றில். மேலே இடம் நிறைந்ததும் மிச்சமிருப்பவை தண்ணீருக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடிக்கும். ஐம்பது, நூறு குச்சிகள் கூடி, வால்களையெல்லாம் உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டிக்கொண்டு குட்டிப் பந்தாகிவிடும். இதன் பெயர் மைசெல். ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும்.

சட்டைக் காலரில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு தண்ணீரில் கரையாது. ஆனால் சோப்புக் குச்சிகளின் வால்கள் அதில் போய்க் குத்திக்கொள்ளும். நாம் கசக்கும்போது பிசுக்கு சின்னச் சின்னத் துளியாகப் பிய்ந்து வரும். ஒவ்வொரு துளியையும் சுற்றி வால் உள்ளே, தலை வெளியே. அதாவது மைசெலின் நடுவில் எண்ணெய் உட்கார்ந்துவிட்டது. வெளியே இருக்கும் தலைகள் எல்லாவற்றுக்கும் எதிர் மின்னேற்றம். அதனால் ஒரு துளி இன்னொரு துளியோடு ஒட்டாது, துணியிலும் திரும்ப ஒட்டாது. தண்ணீரோடு போய்விடும். நுரை என்பது இந்த வேலையின் பக்க விளைவுதான். ஆனால் சோப்பு இன்னும் வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

இனி ஓசூருக்கு வருவோம். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிலத்துக்கு அடியில் பெரும்பாலும் பாறைதான். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, இப்படி நீண்ட காலம் பாறையோடு பழகிய தண்ணீர் வரும் வாய்ப்பு அதிகம். இதைத்தான் கடினநீர் என்கிறோம். அக்கம்பக்கத்தில் 'உப்புத் தண்ணி' என்பார்கள், ஆனால் சமையல் உப்பு இங்கே குற்றவாளி இல்லை.

சோப்பின் தலையோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். சோடியத்துக்குப் பிடி தளர்வு. தண்ணீரில் விட்டதும் தனியே போய்விடும், அதனால்தான் சோப்பு கரைகிறது. கால்சியம் அப்படி இல்லை. அது ஒரே நேரத்தில் இரண்டு சோப்புக் குச்சிகளின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தலை மாட்டிக்கொண்டால் தண்ணீரோடு இருந்த தொடர்பும் போச்சு. அந்த ஜோடி கரையாமல் வெள்ளைத் திரியாகப் படிந்துவிடும். தோழியின் பக்கெட்டில் மிதந்தது இதுதான். உடம்பில் மெழுகு மாதிரி இருந்ததும் இதேதான். துணி நாளாக நாளாக விறைத்துப் பழுப்பேறுவதற்கும் இது ஒரு காரணம்.

முக்கியமான விஷயம் வரிசை. கால்சியம் தீரும்வரை போடுகிற சோப்பு பெரும்பாலும் திரியாகத்தான் போகும். அது தீர்ந்த பிறகுதான் மைசெல், நுரை எல்லாம்.

இப்போது கணக்கு. தண்ணீரின் கடினத்தன்மையை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று சொல்வார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை ஏற்கலாம் என்கிறது. நடுவில் 500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் இருக்கும் அவ்வளவு கால்சியத்தையும் கட்டிப்போட ஏறக்குறைய 3 கிராம் சோப்பு வேண்டும். 15 லிட்டர் பக்கெட்டுக்கு 46 கிராம்! 100 கிராம் கட்டியில் கிட்டத்தட்ட பாதி, ஒரு துளி அழுக்கைக்கூடத் தொடாமலேயே காலி. அதே பக்கெட்டில் கடினத்தன்மை 100 இருக்கும் தண்ணீர் என்றால் 9 கிராமோடு முடிந்துவிடும்.

நல்லவேளை, யாரும் பக்கெட் முழுவதையும் நுரைக்க வைப்பதில்லை. துணியை லேசாக நனைத்து, சோப்பை நேராகத் தேய்க்கிறோம். அந்த இடத்தில் தண்ணீர் குறைவு, சோப்பு அதிகம். அதனால் கொஞ்சம் நுரை வந்துவிடும், அழுக்கும் கழன்றுவிடும். சிக்கல் அலசும்போதுதான். புதுத் தண்ணீர் புதுக் கால்சியத்தோடு வந்து, துணியில் மிச்சமிருக்கும் சோப்பைப் பிடித்து அங்கேயே திரியாக்கிவிடும். அலச அலச சுத்தமாகும் என்று நாம் நினைக்கிறோம், உள்ளே நடப்பது வேறு.

சரி, ஷாம்பு மட்டும் அதே தண்ணீரில் நுரைக்கிறதே? துணி பவுடரும்தான். அவை சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். அதே தீக்குச்சி வடிவம், அதே மைசெல். மாறியது தலை மட்டும். சோப்பின் தலை கார்பாக்சிலேட். பவுடரில் பெரும்பாலும் சல்ஃபோனேட், ஷாம்புவில் சல்ஃபேட் வகை. இந்தத் தலைகளோடு கால்சியம் சேர்ந்தாலும் சோப்பு அளவுக்குச் சுலபமாகத் திரியாவதில்லை. துணி பவுடரின் முக்கியச் சரக்கான எல்.ஏ.எஸ். என்பதற்கு மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலை ஒன்று சென்னை மணலியிலேயே இருக்கிறது.

எல்.ஏ.எஸ். கூட முழுக்கத் தப்பிப்பதில்லை. கால்சியம் மிக அதிகமானால் அதுவும் கொஞ்சம் படியும். அதனால்தான் பவுடரில் சலவை சோடா, ஜியோலைட் போன்றவற்றையும் கலக்கிறார்கள். இவை முன்னால் போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், டிடர்ஜென்ட் பின்னால் வந்து அழுக்கைப் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலையை நாமே வீட்டில் செய்யலாம். அதே 500 கணக்குக்கு, 15 லிட்டரில் சலவை சோடாத் தூள் 8 கிராம், அதாவது சின்ன ஸ்பூனில் இரண்டு, மூன்று. கட்டி கட்டியாக ஈரப்பதத்தோடு விற்கும் சோடா என்றால் 20 கிராமுக்கு மேல் வேண்டும். கலக்கி அரை மணி நேரம் விட்டால் தண்ணீர் லேசாகப் பால் மாதிரி கலங்கி, பிறகு அடியில் வெள்ளையாகப் படியும். மேல் தண்ணீரை வடித்து, சோப்பில் துவைக்க, அலச இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். பட்டு, கம்பளிக்கு வேண்டாம். குளிக்கவும் வேண்டாம், தோல் எரியும். ஆப்ப சோடாவைப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள், அது வேறு.

உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம். அது சமையல் உப்பையும் கால்சியத்தையும் சேர்த்தே எண்ணும். அதைவிடப் பழைய வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில் உங்கள் போர் தண்ணீர், இரண்டும் கால் பாட்டில். சோப்புக் கட்டியைச் சீவி, கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஒரு நிமிடம் நிற்க எத்தனை சொட்டு என்று எண்ணினால் போதும். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் தண்ணீரின் கடினத்தை அளந்ததும் ஏறக்குறைய இப்படித்தான். தோழி செய்து பார்த்தாள். ஆர்.ஓ. தண்ணீருக்கு 4 சொட்டு, போர் தண்ணீருக்கு 31 சொட்டு விட்டும் பால் மாதிரி கலங்கியதே தவிர நுரை நிற்கவில்லை. ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்த நாளில் 9 சொட்டு.

அவள் இப்போது துணிக்கு முழுக்க டிடர்ஜென்ட்டுக்கு மாறிவிட்டாள். ஓசூரில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரும் அப்படித்தான். இதன் மறுபக்கத்தைப் பார்க்க ஓசூரை விட்டு வெகுதூரம் போக வேண்டாம், கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் போதும்.

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் தென்பெண்ணையில் கலந்து இங்கேதான் வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் ஆற்றில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை. வீடுகளின் சலவைத் தண்ணீர் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆலைக் கழிவு பற்றிய புகார்களும் ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால் நுரையைக் கட்டி நிறுத்துவதில் டிடர்ஜென்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. பெல்லந்தூர் நுரையை ஆராய்ந்த பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர், சுத்திகரிக்காத சாக்கடையோடு வரும் டிடர்ஜென்ட் ஏரியின் அடிச் சேற்றில் ஒட்டித் தங்குவதையும், பெருமழை அதைக் கலக்கிவிடும்போது நுரை கிளம்புவதையும் சொல்லியிருக்கிறார்கள்.

பழைய சோப்பாக இருந்தால் வழியிலேயே கால்சியத்தோடு சேர்ந்து திரியாகிப் படிந்திருக்கும். டிடர்ஜென்ட்டின் தலை கால்சியத்துக்குச் சுலபமாகச் சிக்காது. நம் பக்கெட்டில் கைகொடுக்கும் அதே குணத்தோடு அது ஆற்றிலும் பயணப்படுகிறது. காற்று பட்டு நுண்ணுயிர்கள் தின்றால் எல்.ஏ.எஸ். சில நாள்களில் அழிந்துவிடும். சாக்கடைச் சேற்றுக்குள் அந்தக் காற்று கிடையாது. மதகில் விழும் தண்ணீர் காற்றோடு கலந்து அடிக்கும்போது மிச்சமிருப்பது நுரையாகிறது. காற்று பலமாக அடிக்கும் நாள்களில் அது பறந்துபோய்ப் பக்கத்து வயல்களில் விழுகிறது. அந்தத் தண்ணீர்தான் கால்வாய் வழியாகப் பாசனத்துக்கும் போகிறது.