தலைமறைவானால் வீடு யாருக்கு? ஜாமீன் கிடைக்குமா?

திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் நினைவிருக்கும். 2023-ல் புகார்கள் குவிந்ததும் உரிமையாளர் தலைமறைவானார். டிசம்பரில் மதுரை நீதிமன்றத்தில் சரணடைந்தார். வராமலே இருந்திருந்தால்?

போலீஸ் ‘தலைமறைவு’ன்னு சொன்னாலே சொத்து போய்விடாது. முதலில் பிடிவாரண்ட். அதற்கும் சிக்காமல் ஒளிந்திருப்பதாக நம்பினால், ஆஜராக குறைந்தது 30 நாள் கொடுத்து நீதிமன்றம் பிரகடனம் வெளியிடும். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தவர் என்றால் அங்கேயே பொது இடத்தில் வாசித்து, வீட்டு வாசலிலும் ஒட்டுவார்கள்.

பிறகு சொத்து முடக்கம். அந்த வீட்டில் தம்பிக்கும் பங்கு இருந்தால், 6 மாதத்துக்குள் அவர் ஆட்சேபிக்க வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவருக்கு 2 வருஷம் அவகாசம் உண்டு. ஆனா திரும்பி வந்தால் மட்டும் போதாது. வாரண்டுக்குப் பயந்து ஒளியவில்லை, பிரகடனமும் தெரியாது என இரண்டையும் நிரூபிக்க வேண்டும். வாசலிலேயே ஒட்டிய பிறகு இது லேசான காரியமில்லை.

இந்த முடக்கம் ஆளை வரவழைக்கத்தான். பணம் போட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தருவது தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் (1997) கீழ் நடக்கும் தனி முடக்கம். பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

முன்ஜாமீன்? பிரகடனம் வந்தவருக்கு சாதாரணமாகக் கிடையாது என 2012-ல் லவேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுத் தடை இல்லை என 2024-ல் ஆஷா துபே வழக்கில் விளக்கியது. கைதாகி வழக்கமான ஜாமீன் கேட்டாலும், “ஏற்கெனவே ஓடியவர்” என்பதுதான் அரசுத் தரப்பின் முதல் வாதமாக இருக்கும்.