சிரசாசன போட்டோவும் ஒரு பக்க புரொஃபைலும்

எங்க சித்தி யோகா டீச்சர். வேளச்சேரியில மொட்டை மாடி வகுப்புல ஆரம்பிச்சு, இப்போ ஓ.எம்.ஆர். பக்கம் கம்பெனிகளுக்குப் போய் சொல்லிக் கொடுக்கிறாங்க. அந்த இடத்துக்கு வர அவங்க புரொஃபைலை ரெண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. ரெண்டு தடவையும் டைப் அடிச்சது அடியேன்தான். அந்த அனுபவத்துல எனக்குன்னு ஒரு கருத்து உருவாகியிருக்கு, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் புரொஃபைல் 9 பக்கம். அட்டையில சித்தி சிரசாசனம் செய்யற போட்டோ. உள்ளே குரு பரம்பரை, வாங்கின சான்றிதழ்கள், அப்புறம் "முதுகுவலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் தீரும்" என்று ஒரு பட்டியல். அந்த வரியைச் சேர்க்கச் சொன்ன அறிவாளியும் நான்தான் :-)

அதை நம்பி ஒரு கம்பெனி கூப்பிட்டது. ரெண்டாவது வாரம் பாதஹஸ்தாசனம், அதாவது நின்னபடி குனிஞ்சு காலைத் தொடுறது. டிஸ்க் விலகியிருந்த ஒருத்தர், முதுகுவலி தீரும்னு போட்டிருந்ததாலேயே வந்தவர், குனிஞ்சார். நிமிர முடியலை. டிஸ்க் பிரச்சினை உள்ளவங்க முன்னால் குனியற ஆசனங்களைத் தவிர்க்கணும்னு சித்திக்கு நல்லாவே தெரியும். ஆனா அவருக்கு அது இருக்குன்னு தெரியாது. ஏன்னா யாரும் கேட்கலை. ஒப்பந்தம் அன்னிக்கே முடிஞ்சது. அவர் ரெண்டு வாரத்துல தேறிட்டார். சித்திதான் ஒரு மாசம் தூங்கலை.

"நான் செய்யாததை எழுதினதுக்குத்தான்டா இது"ன்னாங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது புரொஃபைல். ஒரே பக்கம்.

அதுல மேலேயே சான்றிதழ். ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இருக்கிற யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு வைச்சு நிலை நிலையா சான்றிதழ் தருது. சித்தி வைச்சிருக்கிறது அதுல ரெண்டாவது நிலை. அந்த ஒரு வரி போதும், மத்ததெல்லாம் எடுத்தாச்சு.

அடுத்தது இடமும் நேரமும். ஒரு பாய் 6 அடி நீளம், 2 அடி அகலம். கை கால் நீட்ட இடம் விட்டா, 20 நாற்காலி போடற மீட்டிங் ரூமில 10, 12 பாய்தான் விரிக்க முடியும். அதனால "ஒரு குழுவுக்கு 12 பேர், அதுக்கு மேல வந்தா நாற்காலிப் பயிற்சி" என்று எழுதினோம். மதியம் சாப்பிட்ட கையோட வகுப்பு கிடையாது, காலை 8.30 அல்லது மாலை 5.30 மட்டும். இதைப் படிக்கிற ஹெச்.ஆர். மேடத்துக்கு, இவங்க ஆபீஸ் பார்த்தவங்கன்னு உடனே புரியும்.

மூணாவதுதான் என் கட்சி. "நாங்கள் செய்யாதவை" என்று ஒரு தலைப்பு. நோய் தீரும்னு சொல்ல மாட்டோம், மருந்தை நிறுத்தச் சொல்ல மாட்டோம். முதல் வகுப்புக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் ஒரு படிவம் நிரப்பணும்: இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், கண் அழுத்தம், டிஸ்க், கர்ப்பம், சமீபத்து ஆபரேஷன் இருக்கா? "ஆம்" என்றால் டாக்டர்கிட்ட கேட்டுட்டு வரணும், அவங்களுக்கு வேற ஆசனம். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருந்தா தலைகீழ் ஆசனமே கிடையாது. படிவம் சித்திகிட்ட மட்டும் இருக்கும், மேனேஜர் கண்ணுல படாது. இந்தக் கடைசி வரி இல்லேன்னா யாரும் உண்மையை எழுத மாட்டாங்க.

"இப்படி 'மாட்டோம் மாட்டோம்'னு எழுதினா யாரு சித்தி கூப்பிடுவா?"ன்னு நான்தான் சண்டை போட்டேன். தோத்தது நான். அடுத்து கூப்பிட்ட கம்பெனி முதல்ல கேட்டதே அந்தப் படிவத்தைத்தான். யோசிச்சா நியாயம்தான். யாருக்காவது அடிபட்டா பதில் சொல்ல வேண்டியவங்க ஹெச்.ஆர். இல்லையா?

அங்கே 6 வாரம், வாரம் ரெண்டு, மொத்தம் 12 வகுப்பு. வகுப்புக்கு 2,500 ரூபாய், ஆக 30,000. முதல் நாள் 12 பேர், கடைசி நாள் 8 பேர். நானா இருந்தா அந்த 8-ஐ மறைச்சிருப்பேன். சித்தி வருகைப் பதிவை அப்படியே கொடுத்துட்டாங்க, வராத 4 பேர்ல 3 பேர் ஷிஃப்ட் மாறினவங்கன்னு ஒரு குறிப்போட. ஒப்பந்தம் நீட்டிச்சாங்க, மாலை ஷிஃப்டுக்கும் ஒரு குழு சேர்த்து.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. சர்வதேச யோகா தினம்னு ஜூன் 21 அன்னிக்கு மட்டும் பேனர் கட்டி போட்டோ எடுக்க ஆள் தேடற கம்பெனிக்கு இந்த ஒரு பக்கம் பிடிக்காது. அவங்களுக்கு சிரசாசனம்தான் வேணும். அந்த வேலை போனா போகட்டும், அதுல அடுத்த மாசச் சம்பளம் கிடையாது.

என் கருத்து இதுதான்: ட்ரெய்னரோட புரொஃபைல்ல அவங்க உடம்பு எப்படி வளையும்ங்கறது முக்கியமில்லை. வளையாத உடம்போட வர்றவரை என்ன செய்வாங்கன்னு இருக்கணும். அட்டைப் படம் இப்பவும் சித்தி வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு. நல்லாத்தான் இருக்கு, ஹால்ல.