பெட்டியின் காலியிடத்திற்கும் கட்டணம் உண்டு

சங்கத்து உறுப்பினர்களின் விற்பனை இன்று கடைத்தெருவோடு நின்றுவிடவில்லை. நெசவாளரின் சேலையும், ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரிப் பருப்பும் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் ஒவ்வொன்றாகப் பார்சலில் போகின்றன. இவ்வாறு விற்போரின் கணக்கைப் பார்வையிடும் போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி, “எந்தக் கூரியர் மலிவு?” என்பதே. கேள்வி நியாயமானதுதான். ஆயினும், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் பெட்டிக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதே அது.

கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் பார்சலை இரண்டு விதமாக எடை போடுகின்றன. ஒன்று, தராசு காட்டும் எடை. மற்றொன்று, பார்சல் வண்டியில் அடைக்கும் இடத்திற்கான எடை. இதனைப் பரிமாண எடை எனலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது எத்தனை கிலோவோ, அதுவே பரிமாண எடை. இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். அதிலும் அரைக் கிலோவுக்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் அடுத்த அரைக் கிலோவுக்கு முழுக் கட்டணமாகும்.

ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 420 கிராம். அழகாக இருக்கட்டுமென்று 35 சென்டிமீட்டர் நீளமும் 28 அகலமும் 6 உயரமும் உள்ள அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறோம். பெருக்கினால் 5880, 5000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.18 கிலோ. அரைக் கிலோ கணக்கில் அது ஒன்றரைக் கிலோவாகிவிடும். அதே சேலையை மடித்து, பாலித்தீன் உறையிலிட்டு, அதன்மேல் கிழியாத கூரியர் உறையில் 30க்கு 25க்கு 3 என்ற அளவில் அடக்கினால் பரிமாண எடை 450 கிராம். உறைகளுடன் தராசு எடை 460 கிராம். ஆகவே அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். கணக்கிற்காக முதல் அரைக் கிலோவுக்கு 60 ரூபாயும், அடுத்த ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 30 ரூபாயும் என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கு 120 ரூபாய். உறைக்கு 60 ரூபாய். இவற்றின்மேல் வரியும் சேரும். சேலை ஒன்றுதான், கூரியரும் ஒன்றுதான். இரட்டைச் செலவுக்குக் காரணம் பெட்டியே.

முந்திரிப் பருப்பில் வேறு விதமான நஷ்டம் ஏற்படுகிறது. 500 கிராம் பருப்பை அதன் பையுடன் சிறு பெட்டியில் வைத்தால் மொத்தம் 600 கிராமாகி, ஒரு கிலோவுக்குரிய 90 ரூபாய் செலுத்த நேரும். 400 கிராம் பருப்பானால் பையும் பெட்டியும் சேர்ந்து 490 கிராமுக்குள் நிறுத்தலாம். கட்டணம் 60 ரூபாய். 425 கிராம் பைகள் இரண்டை ஒரே பெட்டியில் வைத்தால் 980 கிராம். கட்டணம் 90 ரூபாய். ஒரு கிலோ பருப்புக்கு எவ்வளவு அனுப்புச் செலவு விழுகிறதென்று பார்த்தால், முறையே 180, 150, ஏறத்தாழ 106 ரூபாய். எனவே, விற்கும் அளவைத் தீர்மானிக்கும் போதே பெட்டியின் எடையையும் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும். பையின்மேல் நிகர எடையைத் தெளிவாக அச்சிட்டுவிட்டால், 400 கிராம் என்பதில் ஒளிவு மறைவு ஏதுமில்லை.

இனிச் சேதத்திற்கு வருவோம். காலியிடம் கட்டணத்தை உயர்த்துவதோடு நில்லாமல் பொருளையும் கெடுக்கிறது. பாதி நிரம்பிய பெட்டியின்மேல் பத்துப் பெட்டிகள் ஏறும்போது மூடி உள்வாங்கும். வழி நெடுகப் பருப்பு குலுங்கி, முழுப் பருப்பு உடைபருப்பாகும். முழுப் பருப்பின் விலை கொடுத்தவர் உடைபருப்பை ஏற்கமாட்டார். சோதிக்கும் வழி எளிது. ஒட்டிய பெட்டியைக் காதருகே குலுக்கினால் ஓசை கேட்கலாகாது. மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழலாகாது. விழுந்தால் பெட்டி பெரிதென்று பொருள். அதனைத் தாள் திணித்துச் சரிசெய்வதினும் சிறிய பெட்டி வாங்குவதே மேல்.

சேலைக்கு உடையும் பயமில்லை. ஈரமும் கத்தியுமே அதன் பகைவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியுறை நனையுமாதலால், உள்ளுறை பாலித்தீனாக இருந்து வாய் ஒட்டப்பட்டிருத்தல் அவசியம். உறை பிரிக்கும் இடத்தில் சேலையின்மேல் ஓர் அட்டையை வைத்துவிட்டால், வாங்குபவர் கத்தியால் கீறினாலும் துணி தப்பும். துணியருகே பின் அடித்தல் கூடாது. முகவரித் தாள் கிழிந்தாலும் பார்சல் சேர வேண்டிய இடம் சேர, உள்ளேயும் ஒரு முகவரித் துண்டை வைப்பது நலம்.

இவ்வளவும் ஆன பிறகே எந்தக் கூரியர் என்ற கேள்வி வரும். முதல் அரைக் கிலோவின் விலையை மட்டும் கேட்டு முடிவு செய்வது தவறு. ஒருவர் 60 ரூபாயும் மேல் ஒவ்வோர் அரைக் கிலோவுக்கு 30 ரூபாயும் கேட்கிறார். மற்றொருவர் 80 ரூபாயும் மேல் 15 ரூபாயும் கேட்கிறார். அரைக் கிலோவிலும் ஒரு கிலோவிலும் முன்னவர் மலிவு. ஒன்றரைக் கிலோவில் பின்னவரே மலிவு. ஆதலின் ஒற்றைச் சேலை ஒருவரிடமும், கனத்த பெட்டி மற்றவரிடமும் போகலாம்.

தூரத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். அஞ்சல் துறையின் விரைவு அஞ்சல் கிலோமீட்டர் கணக்கில் படிகள் வைத்திருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து சென்னையும் பெங்களூரும் 201 முதல் 500 கிலோமீட்டர் படியிலும், மும்பை 1001 முதல் 2000 படியிலும் அடங்கும். தனியார் நிறுவனங்களோ அதே ஊர், அதே மாநிலம், பெருநகரங்கள், ஏனைய பகுதிகள் என்று மண்டலமாகப் பிரிக்கின்றன. எனவே பெருநகருக்கு ஒரு நிறுவனம் மலிவாயிருந்து, சிற்றூருக்கு அதுவே அதிகமாகலாம். சில சிற்றூர்களுக்கு அது போகாமலும் இருக்கலாம். சிற்றூர் முகவரிக்குத் தபால்காரர் போகிறார் என்பதை மறக்கலாகாது. 2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. விலையுயர்ந்த சேலைக்குப் பதிவு வசதியைக் கூடுதல் கட்டணம் செலுத்தி விரைவு அஞ்சலிலேயே பெறலாம்.

மூன்று வினாக்களைக் கூரியர் அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் பெறுதல் வேண்டும். பரிமாண எடைக்கு வகுக்கும் எண் என்ன? (5000-க்குப் பதில் 4000 என்றால் அதே பெட்டிக்குக் கால் பங்கு எடை கூடும்.) வாங்காமல் திரும்பிவரும் பார்சலுக்கு எவ்வளவு? தொலைந்தால் எவ்வளவு ஈடு? ரசீதின் பின்புறத்தில் ஈட்டுத் தொகைக்கு வரம்பு அச்சிட்டிருப்பது வழக்கம். சேலையின் விலை அதற்கு மேலென்றால் காப்பீடு செய்வதே முறை. ஒப்படைக்குமுன் தராசின்மேலும் அளவுநாடாவுடனும் பார்சலைப் படமெடுத்து வைத்தால், பின்னால் எடைத் தகராறு எழும்போது காட்ட ஆதாரமிருக்கும்.

தனியொரு நெசவாளர் மாதம் பத்துப் பார்சல் அனுப்பினால் எவரும் கட்டணத்தைக் குறைக்கமாட்டார். நூறு பேருடைய பார்சல் ஒரே கணக்கில் போனால் பேசுவதற்கு இடமுண்டு. ஆகவே, சங்க அலுவலகத்தில் ஒரு தராசு, ஓர் அளவுநாடா, மொத்தமாக வாங்கிய இரண்டே அளவுப் பெட்டிகள், சேலைக்கான உறை, ஊர்வாரியாக எழுதிய கட்டண அட்டவணை ஆகிய ஐந்தையும் வைக்க அடுத்த மகாசபையில் தீர்மானம் கொண்டுவருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையை ஆறு மாதத்திற்கொருமுறை திருத்தும் பொறுப்பும் ஒருவர் பெயரில் தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும்.