லோகோவைப் பெருசாக்கினா போதுமா?

"லோகோவக் கொஞ்சம் பெருசாக்குங்கோ." எங்கட பீடத்தில எந்த நிகழ்வுக்குப் போஸ்டர் செய்தாலும் கடைசியா வாற கட்டளை இதுதான். நாங்களும் பெருசாக்குறம். பிறகும் பார்க்கிறவைக்கு அது யாருடைய போஸ்டர் எண்டு விளங்கிறதில்லை. லோகோவை விரலால் மறைச்சுப் பாருங்கோ. மிச்சமாக இருப்பது எந்தச் சங்கத்தினதாகவும், ஏன், ஒரு காப்புறுதிக் கம்பனியினதாகவும் இருக்கலாம். பிரச்சினை அளவில் இல்லை, அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் வடிவமைப்பை ஒட்ல் ஐஹரும் அவருடைய குழுவும் செய்தார்கள். அந்தப் போஸ்டர்களில் ஐந்து வளையங்களை மறைத்தாலும் அது மியூனிக் எண்டு தெரியும். முதற் காரணம் நிறம். இளநீலம், பச்சை, செம்மஞ்சள், வெள்ளி எல்லாம் இருக்கு, சிவப்பு மட்டும் இல்லை. ஜேர்மனியில் அதற்கு முன்னர் நடந்த ஒலிம்பிக் 1936 இல், ஹிட்லரின் பேர்லினில். அந்தக் கொடிகளின் நிறம் இந்த விழாவில் எங்கேயும் தலைகாட்டக்கூடாது என்பது முடிவு. எதை வரையமாட்டோம் என்பதிலிருந்தும் ஒரு முகம் உருவாகும்.

அடுத்தது விளையாட்டுச் சின்னங்கள். ஒரு சதுரக் கட்டம். அதற்குள் கிடைக்கோடு, நிலைக்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்வு, இவ்வளவுக்குத்தான் அனுமதி. தலை ஒரு வட்டம். கை, கால், உடல் எல்லாச் சின்னத்திலும் ஒரே உறுப்புகள். ஓடுகிறவனின் தொடை உண்மையில் வேறொரு கோணத்தில இருக்கலாம். கட்டம் அதை விடாது, 45க்குக் கொண்டுபோய் விடும். அந்தச் சிறு பொய்தான் ஓட்டக்காரனையும் பளுதூக்குகிறவனையும் ஒரே குடும்பம் ஆக்குகிறது.

எங்களுக்கு மிகப் பிடிச்சது வால்டி எண்ட நாய்க்குட்டி. அந்த விழாவின் சின்னப் பிராணி. துணியிலும் பிளாஸ்ரிக்கிலும் கனபேர் செய்யப் போறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும். அதனால விதி இதுதான்: தலையும் வாலும் இளநீலம், உடம்பில் கோடுகள், அதில் விழாவின் ஆறு நிறங்களில் குறைஞ்சது மூன்று. மிச்சம் செய்கிறவரின் விருப்பம். "விதி வைச்சா கற்பனை செத்துப்போகும்" எண்டு எங்களோடு சண்டை பிடிக்கிறவை இந்த நாயை ஒருக்காப் பார்க்கவேணும்.

இனி மற்றப் பக்கம். 2017 அளவில் பேஸ்புக்குக்காக பக் எண்ட ஸ்ரூடியோ ஒரு வரைதல் பாணியைச் செய்தது. சின்னத் தலை, நீண்டு வளையும் கை கால், நீலமோ ஊதாவோ தோல், தட்டையான நிறங்கள். கெதியா வரையலாம், அசைக்கவும் லேசு, எந்த அளவுக்கும் மாற்றலாம். அதனாலேயே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சக் காலத்தில் வங்கி, செயலி, வேலைதேடும் தளம் எல்லாவற்றிலும் அதே ஊதா மனிசர். 'கோர்ப்பரேட் மெம்ஃபிஸ்' எண்டு பட்டப்பெயரும் விழுந்திட்டுது. அந்த மனிசர் இப்ப யாரையும் அடையாளம் காட்டுறதில்லை. எங்கட போஸ்டர்களிலும் அவையள்தான் மடிக்கணினியோடு குந்தியிருக்கினம்.

ஐஹரின் கோணத்தையும் களவெடுக்கலாம்தானே எண்டு கேட்பீங்கள். உண்மை. அந்தச் சின்னங்களையே சிறு மாற்றங்களோடு 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக் பாவிச்சது. ஆகவே சின்னம் மட்டும் மியூனிக்கைச் சொல்லாது. நிறம், கோணம், வால்டியின் கோடுகள் எல்லாம் சேர்ந்துதான் சொல்லும். அதுக்குள்ள சிவப்பு வேண்டாம் என்றதுக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது. நிறத்தை வேறு ஆட்கள் எடுக்கலாம், அந்தக் காரணத்தை எடுக்கேலாது.

போன தவணை நாங்கள் செய்த ஒரு போஸ்டரில் மூன்று இலவசத் தொகுதிகளிலிருந்து சின்னம் எடுத்தோம். தொலைபேசி முழுக்க நிரப்பினது, இடக்குறி மெல்லிய கோடு, நாட்காட்டி வட்ட மூலையோடு. பெரிசாப் பார்க்கேக்க ஒண்டும் தெரியேல்ல. ஃபோன் திரையில சின்னதாக்கினதும் தொலைபேசி கறுத்தக் கட்டியாகி முன்னால வந்தது, இடக்குறி காணாமலே போச்சு. கோட்டின் தடிப்பும் முனையும் மூலையும் ஒன்றாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காது. மூன்றையும் திருப்பி வரைய ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. லோகோவின் அளவைப் பற்றி வாதாடினதுக்கு அதைவிடக் கூட நேரம் போயிருக்கு.

அதனால அடுத்த முறை கூட்டத்தில ஆரும் "லோகோவப் பெருசாக்குங்கோ" எண்டால், எங்கட பதில் ஆயத்தம்: முதல்ல லோகோவை எடுத்துப்போட்டுப் போஸ்டரைக் காட்டுவம். யாருடையது எண்டு சொல்லுங்கோ.