ஷூ வாங்கப் போன கதை

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பெண்ணுக்கு ஸ்குவாஷ் ஷூ வாங்க பாண்டி பஜார் போனோம். தரையில் கறை விழாத சோல் வேண்டும், அவ்வளவுதான் கேட்டது. கடைக்காரப் பையன் ஒரு ஸ்கர்ட்டை எடுத்துப் போட்டு, "உள்ளயே ஷார்ட்ஸ் வெச்சுத் தெச்சது மேடம், பயமில்ல" என்றான். பக்கத்தில் நின்ற மாமி, "முட்டி வரைக்கும் இருந்தா தேவலை" என்றார். ஷூவைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்குவாஷ் காலால் ஆடுகிற ஆட்டம். எதிராளி முன்சுவர் மூலையில் பந்தை மெத்தென்று போடுவார். ஒரே எட்டில் பாய்ந்து, முழங்கால் மடங்கக் குனிந்து, பந்து இரண்டாம் தரம் தரையில் படுவதற்குள் எடுக்க வேண்டும். எடுப்பதுகூடப் பெரிதில்லை. அந்தக் குனிந்த நிலையிலிருந்து உந்தி எழுந்து, அடுத்த அடிக்குள் கோர்ட்டின் நடுவுக்குத் திரும்புவதுதான் கஷ்டம். அடிவயிறு, இடுப்பு, தொடை மூன்றும் சேர்ந்து இழுக்கிற வேலை அது.

பிரசவம் தளர்த்திவிடுவதும் அதே அடிவயிற்றையும் இடுப்பையும்தான். நம்ம ஊர் தீபிகா பல்லிகல் 2018க்குப் பிறகு போட்டிப் பக்கமே வரவில்லை. 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள். 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் போட்டி. ஒரே நாளில் இரண்டு இறுதி ஆட்டங்கள்: சவுரவ் கோஷலோடு கலப்பு இரட்டையர், ஜோஷ்னா சின்னப்பாவோடு பெண்கள் இரட்டையர். இரண்டு பட்டமும் அவருக்கே.

அந்த வாரச் செய்தித் துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கின் மனைவி என்கிறது ஒன்று. குழந்தை பெற்றவர் மாதிரியே தெரியவில்லை என்று மெச்சுகிறது இன்னொன்று. எப்படித் தெரிய வேண்டுமாம்?

ஆட்டத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தைப் பார்ப்பது புதிதுமில்லை. தேசியப் போட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுப் பணம் தராதவரை ஆட மாட்டேன் என்று 2012 முதல் நான்கு வருஷம் ஒதுங்கி நின்றவர் இவர். 2015இல் ஆண் சாம்பியனுக்கு 1,20,000 ரூபாய், பெண்ணுக்கு 50,000. 2016இல் தொகையைச் சமமாக்கினார்கள். வந்தார், பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார். ஒதுங்கியிருந்த வருஷங்களிலும் அவர் படத்துக்குப் பஞ்சமில்லை. 'அழகு வீராங்கனைகள்' வரிசையில் வந்துகொண்டேதான் இருந்தது. அந்த 50,000தான் படத்துக்குக் கீழே வரவில்லை.

கிளாஸ்கோவில் பெண்கள் இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் 11-9, 4-11, 11-8. முதல் கேமைப் பிடித்து, இரண்டாவதில் சரிந்து, மூன்றாவதில் மீண்டிருக்கிறார்கள். அந்த இடைவேளையில் இருவரும் எதை மாற்றினார்கள்? யாருடைய கால் முதலில் தளர்ந்தது? நான் வெட்டி வைத்த ஒரு துண்டிலும் இல்லை.

ஷூ கடைசியில் அடையாறில் கிடைத்தது. அண்ணன் பெண் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு எட்டுப் பாய்ந்து பார்த்தாள். வழுக்கவில்லை.